புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்

கோவையில் எங்கள் வீட்டின் தெற்குப் பக்கம் ஒரு துண்டுப் புல்தரை இருக்கிறது. போன கார்த்திகையில் சுவரோரமாக ஆறடி அகலத்துக்கு அது மஞ்சளடித்தது. தை பிறந்தபோது புல்லுக்கிடையே மண் தெரிந்தது. மாதம் ஒருமுறை வரும் தோட்டக்காரர் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, "பூச்சிதானுங்க சார், மருந்து போட்டா சரியாயிடும்" என்றார். நான் மருந்து வாங்கப் போகாமல் மண்வெட்டி எடுத்தேன்.

அவர் சொன்ன பூச்சி வேர்ப்புழு. நிலக்கடலை போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வெள்ளைப் புழுதான். கோடைமழை விழுந்ததும் வண்டுகள் மண்ணைவிட்டு வெளியேறி, இரவில் வேப்பிலை தின்று, மண்ணில் முட்டையிடும். பொரிந்த புழுக்கள் மழைக்காலம் முழுக்க வேரைக் கடிக்கும். வேர் போய்விட்டால் புல்லைப் பிடித்து இழுக்கும்போது கோரைப்பாயைச் சுருட்டுவது போல மொத்தமாகக் கையோடு வரும். மைனாக்கள் அதே இடத்தைக் கொத்திக்கொண்டே இருக்கும். எங்கள் புல்லை இழுத்தேன். நுனிதான் அறுந்தது, வேர் அசையவில்லை. ஆனாலும் மனம் கேட்காமல், மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சதுர அடியை மூன்று பக்கம் வெட்டி, மூடியைத் திறப்பது போலப் புரட்டினேன். மூன்று அங்குல ஆழம் வரை மண்ணை உதிர்த்துத் தேடியதில், பழுப்புத் தலையோடு சுருண்டு கிடந்த புழு ஒன்றே ஒன்று கிடைத்தது. சதுர அடிக்கு நான்கைந்து வரை நல்ல புல் தாங்கிக்கொள்ளும். பத்து இருந்திருந்தால் மெட்டாரைசியம் பூஞ்சைத் தூளை ஈர மண்ணில் சாயங்காலம் கலந்துவிட்டிருப்பேன். அதுவும் புழு சின்னதாக இருக்கும்போதுதான் பலிக்கும். தையில் எந்த மருந்து ஊற்றினாலும் காசுதான் கரையும்.

அடுத்து தண்ணீர். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை மண்ணில் குத்திப் பார்த்தேன். வெயில் படும் பக்கம் இரண்டு அங்குலத்தில் முட்டிக்கொண்டது. மஞ்சள் பக்கம் பிடி வரை வழுக்கிக்கொண்டு போனது. வெளியே எடுத்தபோது சாக்கடை மண்ணின் வாடை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தெளிப்பான், தினமும் இருபது நிமிடம். ஒரு பக்கம் வேர் தாகத்தில் இருக்க, மறுபக்கம் வேர் மூச்சுவிட முடியாமல் கிடந்திருக்கிறது. காற்றில்லாத மண்ணில் வேர் சத்தை உறிஞ்சாது, இலை மஞ்சளாகும். அதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். நானும் மார்கழியில் அதைத்தான் செய்தேன்.

சரி, தெளிப்பான் ஒன்றேதான் என்றால் அந்தப் பக்கம் மட்டும் ஏன் காயவில்லை? காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஃபோட்டோ எடுத்தேன். ஐந்து படங்களிலும் அந்த ஆறடியில் வெயிலே இல்லை. தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆடியில் மாடி எழுப்பியிருந்தார். அப்போது சூரியன் வடக்கே சாய்ந்திருந்ததால் நிழல் எங்கள் பக்கம் வரவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கிவிடும். நம் ஊரில் அப்போது 20 அடிக் கட்டடம் உச்சிவேளையிலேயே 14 அடி நிழல் தரும். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்து, சுவரோரப் பூந்தொட்டிகள் எல்லாம் போக மிச்ச நிழல் விழுந்தது சரியாக அந்த ஆறடியில்.

நர்சரியில் பெர்முடா என்று விற்கிறார்களே, அது நம் அருகம்புல்லின் பங்காளி. பிள்ளையாருக்கு வைக்கும் அருகு திறந்த வெளியில்தானே படர்கிறது? அதற்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

இதில் என் கைங்கரியமும் உண்டு. கம்பளம் போல இருக்கட்டும் என்று அரை அங்குலத்துக்கு ஒட்ட வெட்டச் சொன்னது நான்தான். வெளிச்சம் குறைந்த இடத்தில் புல்லுக்கு இருக்கும் ஒரே சமையற்கட்டு இலை; அதையும் வழித்துவிட்டால் எதை வைத்துப் பிழைக்கும்? ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. போதாக்குறைக்கு வெட்டும் இயந்திரத்தின் பிளேடும் மழுங்கியிருந்தது. ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தேன். நுனி அறுபடாமல், பல்குச்சியை மென்றது போல நார்நாராகக் கிழிந்து வெளுத்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த வெளுப்பும் மஞ்சளோடு மஞ்சளாகத்தான் தெரியும்.

பிளேடைச் சாணை பிடித்தோம். நிழல் பக்கம் இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. அங்கே தெளிப்பானை மூடிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முட்டினால் மட்டும் ஹோஸால் நனைக்கிறோம். யூரியா போடவில்லை, வெயில் இல்லாத புல்லை அது மேலும் மெலிந்து நீளத்தான் செய்யும். பங்குனியில் வெயில் திரும்பியதும் வெளி மூன்றடியில் புல் தானாகப் படர்ந்து மூடிக்கொண்டது. தொட்டியை ஒட்டிய மூன்றடி தேறவில்லை. அங்கே நிழல் தாங்கும் அகல இலைப் பஃபலோ புல் நட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே பச்சையாக இல்லை. தோட்டக்காரருக்கு அது பிடிக்கவில்லை, "ஒட்டுப் போட்ட மாதிரி இருக்குதுங்க" என்கிறார்.