அபராதத்தைக் குறைக்கக் கேட்கும் கடிதம்

நான்கு லட்ச ரூபாயை மூன்று வருடத்துக்கு 7 சதவீத வட்டியில் போட்டிருக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் முடிந்த கையோடு மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை. டெபாசிட்டை உடைத்தே ஆகவேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் வட்டி குறைகிறது. பணம் ஒரு வருடம்தான் வங்கியில் இருந்தது என்பதால், டெபாசிட் போட்ட அன்று ஒரு வருடத்துக்கு என்ன வட்டியோ அதுதான் கணக்கு. அது 6.5 சதவீதம் என்றால், தோராயமாக 28,000 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 26,000 வரும். அதற்கும் மேல் ஒரு சதவீதம் அபராதம் பிடித்தால் இன்னொரு 4,000 போய்விடும்.

முதல் குறைப்பைக் கேட்டுப் பயனில்லை. இரண்டாவதைக் கேட்கலாம். அபராதம் எவ்வளவு என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்துகொள்ள ரிசர்வ் வங்கி விட்டிருக்கிறது. டெபாசிட் வாங்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆகவே இது உரிமைக் கோரிக்கை அல்ல, சலுகைக் கோரிக்கை. கடிதத்தின் குரலும் அப்படியே இருக்கவேண்டும். “வட்டி நஷ்டம் இல்லாமல் தரவும்” என்று பொதுவாக எழுதினால் மேலாளருக்குப் பிடி கிடைக்காது. “ஒரு சதவீத அபராதத்தை அரை சதவீதமாகக் குறைக்கவும்” என்று எழுதினால், அவர் பரிசீலிக்க ஒரு எண் இருக்கும்.

பலர் சறுக்குவது வேறொரு இடத்தில். அபராதத்தைக் குறைக்கும் அதிகாரம் கிளையில் இல்லாமல் போகலாம். கடிதம் மண்டல அலுவலகம் போய்த் திரும்பும்வரை மருத்துவமனை காத்திருக்காது. அதனால் இந்த இரண்டு வரி கட்டாயம் வேண்டும்:

“டெபாசிட்டை இன்றே முடித்து, தொகையை என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவும். அபராதக் குறைப்பு பின்னர் அனுமதிக்கப்பட்டால், வித்தியாசத் தொகையை அதே கணக்கில் சேர்க்கவும்.”

டெபாசிட் எண், அறுவை சிகிச்சை தேதி, மருத்துவமனை தந்த செலவு மதிப்பீட்டின் நகல் ஆகியவை போதும். நோயின் முழு வரலாறு தேவையில்லை. கடிதத்தின் நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வது அவசியம். மொபைல் செயலியில் முடித்தால் அபராதம் தானாகவே பிடிக்கப்பட்டுவிடும். கடிதம் அதற்கு முன்பே போயிருப்பது நல்லது. வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்து வருட டெபாசிட்டுக்கு இந்த வழியே கிடையாது.

டெபாசிட் கணவன், மனைவி இருவர் பேரிலும் இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ‘இருவரில் ஒருவர்’ என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், முதிர்வுக்கு முன் எடுக்கப் பொதுவாக இருவர் கையெழுத்தும் வேண்டும். மனைவியோ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். கையெழுத்துப் போட முடியாதவரிடம் கைரேகை வாங்க ரிசர்வ் வங்கி விதியில் இடமிருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்கவேண்டும். ஆகவே, அதிகாரி ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பும்படி அதே கடிதத்தில் வார்டு எண்ணோடு கேட்டுவிடலாம்.