வேகமானி சொல்லும் வேகம் சரிதானா?

குறிஞ்சிப்பிட்டி வழியாக கற்பிட்டிக்கு ஓடும் வாகனம் ஒன்றின் வேகமானி 50 காட்டுகிறது. உண்மையில் அது 47 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். வேகமானி வீதியை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதை எண்ணி, டயரின் சுற்றளவு இவ்வளவு என்று எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறது. டயர் தேய்ந்தால் அந்தக் கணக்கு மாறும்.

இதைச் சோதிக்கக் கிலோமீற்றர் கற்களும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். சந்தடியில்லாத, நேரான மூன்று கிலோமீற்றரைத் தெரிவுசெய்யுங்கள். முதல் கல்லுக்கு முன்பே வேகமானியில் 50ஐப் பிடித்து, கடைசிக் கல்வரை முள்ளை அசையாமல் வைத்திருங்கள். நேரம் பார்ப்பதும் தொலைபேசியைக் கவனிப்பதும் உடன் வருபவரின் வேலை. இடையில் மாடு குறுக்கிட்டு வேகம் குறைந்தால் அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வேகம் உண்மையிலேயே 50 என்றால் 216 செக்கன் ஆக வேண்டும். 230 செக்கன் ஆனதென்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோமீற்றரை 3600ஆல் பெருக்கி 230ஆல் வகுத்தால் 47 வரும். ஒரே ஒரு கிலோமீற்றரில் சோதித்தால், கடிகாரத்தை ஒரு செக்கன் பிந்தி அழுத்தினாலே விடை அரைக் கிலோமீற்றருக்கு மேல் பிசகும், அதனால்தான் மூன்று.

தொலைபேசி, செய்மதிகளின் சமிக்ஞை அலைவரிசை நம் அசைவால் சற்று மாறுவதைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. டயரோடு அதற்குச் சம்பந்தமில்லை. திறந்த வானத்தின் கீழ், சீரான வேகத்தில் அதை நம்பலாம். வேகம் கூடும்போதும் குறையும்போதும் சற்றுப் பிந்தியே காட்டும். அதுவும் 47 என்றால் முடிவு உறுதி. கற்களின் கணக்கு மட்டும் விலகி நின்றால், ஏதாவது ஒரு கல் இடம் மாறியிருக்கக்கூடும். வேறு கற்களுக்கிடையே திரும்ப ஓடிப் பாருங்கள்.

பிழையின் காரணத்தை அறிய, அதே ஓட்டத்தில் தூரமானி எவ்வளவு கூடியது என்றும் பாருங்கள். அது சரியாக மூன்று கிலோமீற்றர் காட்டினால், வேகமானி கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் தயாரிப்பாளர் வேண்டுமென்றே வைத்த இடைவெளி. தூரமானியும் அதே விகிதத்தில் கூடுதலாகக் காட்டினால், டயர் தேய்ந்தோ சிறிதாகவோ இருக்கிறது. தேய்மானம் மட்டும் என்றால், புதுக் கார் டயருக்கும் முற்றாகத் தேய்ந்ததற்கும் வித்தியாசம் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டுதான்.

ஐக்கிய நாடுகளின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதிப்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கார்களுக்கு, உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு நான்கு கிலோமீற்றர் வரை கூட்டிக் காட்டலாம். ஆகவே 47ஐ 50 என்று காட்டுவது குற்றமல்ல. 47ஐ 45 என்று காட்டினால்தான் ஆபத்து. பெரிய டயர் மாட்டிய வாகனங்களில் இது நேரும். உங்கள் வண்டிக்கு அளவு மாறிய டயர் போட்டிருந்தால், முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.