டிவியில் ‘On’ செய்தும் கேப்ஷன் வராதது ஏன்?

கேப்ஷன் எழுத்தின் அளவு, நிறம், வடிவத்தை மாற்றும் அமைப்புகள் பார்ப்பவர் கைக்கு எளிதில் எட்ட வேண்டும் என்று டிவி தயாரிப்பாளர்களுக்கும் கேபிள் நிறுவனங்களுக்கும் அமெரிக்காவின் எஃப்சிசி ஆணையம் விதித்த கெடு, 2026 ஆகஸ்ட் 17. அங்கிருந்து எழுதும் வாசகர்களின் புகாரோ வேறு: “டிவியில் ‘On’ செய்தாயிற்று. நேரலைச் செய்தியில் ஓர் எழுத்துகூட வரவில்லை.”

டிவியில் பழுது இல்லை. சேனல், கேப்ஷனைப் படத்தின் மேல் எழுதி அனுப்புவதில்லை. சிக்னலுக்குள் தனித் தரவாகச் செருகி அனுப்புகிறது. ஆன்டெனாவை நேரே டிவியில் செருகியிருந்தால் அந்தத் தரவு டிவிக்கே வந்துவிடும், டிவியின் டிகோடர் அதை எழுத்தாக வரைந்துவிடும். நடுவில் செட்டாப் பாக்ஸ் இருந்தால் சிக்னலைப் பிரிப்பது பாக்ஸ். பிரித்த படத்தையும் ஒலியையும்தான் அது எச்டிஎம்ஐ கேபிளில் அனுப்புகிறது. கேப்ஷன் தரவு பாக்ஸோடு நின்றுவிடுகிறது. டிவியில் எத்தனை முறை ‘On’ செய்தாலும் வரைவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. பல டிவிகளில் அந்த மெனுவே மங்கிக் கிடக்கும். பாக்ஸ் வரைந்து அனுப்பினாலோ எழுத்து படத்தோடு ஒன்றிவிடுகிறது. டிவியில் ‘Off’ செய்தாலும் போகாது, டிவி மெனுவில் எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது.

1993 ஜூலை முதல் அமெரிக்காவில் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் டிகோடர் கட்டாயம். ‘கேப்ஷன் வசதி உண்டு’ என்று தயாரிப்பாளர் சொல்வது பொய்யல்ல. ஆனால் கேபிள் பாக்ஸ் வைத்த வீட்டில் அந்த வசதி சும்மா கிடக்கிறது. இதை வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் கவலை. புதிய விதி மெனுவைத் தேடும் சிரமத்தைக் குறைக்கலாம். எந்த மெனு என்ற குழப்பத்தைத் தீர்க்காது.

ஆகவே பாக்ஸ் ரிமோட்டை எடுங்கள். காம்காஸ்ட் எக்ஸ்1 பாக்ஸ் என்றால், B பொத்தான் உள்ள ரிமோட்டில் அதை அழுத்தினால் கேப்ஷன் அமைப்பு வரும். மற்றவற்றில் Settings, பிறகு Accessibility என்று போய்ப் பாருங்கள். எழுத்தளவையும் அங்கேயே மாற்றுங்கள்.

பழைய மஞ்சள் முனை வீடியோ கேபிளில் இணைத்திருந்தால் கதை தலைகீழ். சாதாரணத் தரப் படத்தோடு கேப்ஷன் தரவும் அதில் டிவிக்குப் போகும். பாக்ஸ், டிவி இரண்டிலும் ‘On’ செய்தால் எழுத்தின் மேல் எழுத்து விழும், டிவியில் அணைத்துவிடுங்கள்.

நேரலையில் எழுத்து பிந்துகிறதே? பேச்சைக் கேட்ட பிறகே எழுத்தாக்குகிறார்கள். எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது.

டிவியில் உள்ள ஆப்பில் பார்த்தால்? முதலில் அந்த ஆப்பின் அமைப்பைப் பாருங்கள்.

ஒரே ஒரு சேனலில் மட்டும் வரவில்லையா? கோளாறு சேனல் பக்கமோ கேபிள் நிறுவனம் பக்கமோ இருக்கலாம். கோளாறு நேர்ந்த 60 நாளுக்குள் கேபிள் நிறுவனத்திடமோ எஃப்சிசியிடமோ புகார் கொடுங்கள்.