ஷூ போடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

சைவ அன்பர் குழு ஒன்றுக்காக வீடியோ எழுதித் தர ஒப்புக்கொண்டேன். அலுவலகம் போகிறவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் தினசரி வழிபாடு சொல்லித்தர வேண்டும். போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிற குறும்படம், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. சொல்லச் சொல்ல எளிதாகத்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு முன்னால் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்று. வழிபாட்டுக்கு 300 விநாடி, அதைச் சொல்லித்தரும் படத்துக்கு 90 விநாடி. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு எழுதியதுதான் என் முதல் பிரதியின் குற்றம்.

முதல் பிரதி, ‘என்னோடு சேர்ந்து செய்யுங்கள்’ என்ற தினுசில் இருந்தது. படத்தில் இருப்பவர் நீறு பூசுவார், பார்ப்பவரும் பூசுவார்; அவர் கண்ணை மூடுவார், இவரும் மூடுவார். அப்படியானால் தினமும் காலையில் போனைத் திறந்தால்தான் வழிபாடு நடக்கும். திறந்தால் மேலாளரின் வாட்ஸ்அப் முதலில் கண்ணில் படும். வீடியோ முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடும். அதனால் அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டு, மூன்று நாள் பார்த்தால் நான்காம் நாள் படமே தேவைப்படாதபடி எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முதலில் 300 விநாடிக்குள் எது அடங்கும் என்று தெரிய வேண்டும். எங்கள் குழுவில் ஓதுவார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஸ்டாப்வாட்சோடு போய் உட்கார்ந்தேன்.

“நூற்றெட்டு தடவை ‘நமசிவாய’ சொல்லலாமே தம்பி” என்றார். அவசரமில்லாமல் ஒருமுறை சொல்லி மூச்சு விட மூன்று விநாடி பிடித்தது. நூற்றெட்டுக்கு 324 விநாடி. அதற்கே ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. வேகமாகச் சொன்னால் அடங்கும்தான். ஆனால் ஏலம் விடுவதுபோல் ஆகிவிடும். சிவபுராணம் சொல்லலாமா என்றேன். 95 வரி. வரிக்கு நான்கு விநாடி என்றாலும் ஆறு நிமிடத்துக்கு மேல். அதுவும் போயிற்று.

எண்ணிக்கைக்கு வழி கையிலேயே இருந்தது. கட்டைவிரலை விட்டுவிட்டால் மற்ற நான்கு விரல்களிலும் விரலுக்கு மூன்று கணுவாகப் பன்னிரண்டு. கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனால் ஒரு சுற்று. மூன்று சுற்று போனால் 36, அதற்கு 108 விநாடி. செபமாலை தேட வேண்டாம், அது எங்கே தொங்குகிறது என்று வீட்டில் யாரையும் எழுப்ப வேண்டாம். ஐந்தெழுத்தைக் குருவிடம் உபதேசம் பெற்றுத்தான் செபிக்க வேண்டும் என்று கொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் அந்த இடத்தில் ‘சிவ சிவ’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் ஓதுவார். படத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினேன். ஒதுக்காவிட்டால் அதைக் கேட்டு முதலில் தொலைபேசுகிறவர் என் பெரியப்பாவாக இருப்பார்.

பிறகு பாட்டு. இங்கேதான் கொஞ்சம் நேரம் தகராறு நடந்தது. பாட்டு இல்லாமல் சைவ வழிபாடு இல்லை என்பது ஓதுவாரின் கட்சி. சிவன் கோயில்களில் பஞ்சபுராணம் பாடுவார்கள், கேட்டிருப்பீர்கள். பன்னிரு திருமுறையையும் ஒரு பூசையில் பாட முடியாது. அதனால் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு எடுத்துப் பாடி நிறைவு செய்கிற வழக்கம். ஆக, நேரத்துக்கேற்பச் சுருக்கிக்கொள்வதை நம் கோயில்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் அந்த ஐந்தையுமே அவர் பண்ணோடு பாடி முடிக்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

“அஞ்சையும் ஒரே நாள்ல பாடணும்னு இருக்கா ஐயா? திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாள்தானே ஆபீஸ்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். திங்கள் தேவாரம், செவ்வாய் திருவாசகம், புதன் திருவிசைப்பா, வியாழன் திருப்பல்லாண்டு, வெள்ளி பெரியபுராணம். வாரம் முடிந்தால் ஒரு பஞ்சபுராணம் முடிந்துவிடும். கோயிலில் ஒரே மூச்சில் பாடுவதற்கு இது ஈடாகாது என்று அவர் கறாராகச் சொன்னார், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே பாட்டைத் தினமும் முணுமுணுத்துச் சலிக்கிற ஆபத்து இதில் இல்லை. சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள் அன்றைக்குப் பிடித்ததைப் பாடிக்கொள்ளட்டும்.

திங்களுக்கு அவரே எடுத்துக் கொடுத்தது ஞானசம்பந்தரின் திருநீற்றுப் பதிகத்தில் ஒரு பாட்டு. மதுரையில் பாண்டியனின் வெப்பு நோய் தீரப் பாடியது என்பது வரலாறு, பண், காந்தாரம். நீறு பூசிய கையோடு பாடுவதற்குப் பொருத்தமாக இருந்தது. பாடத் தெரிந்தவருக்கு ஒரு நிமிடம் ஆகும். தெரியாதவர் நிதானமாக வாசித்தால் அரை நிமிடத்தில் முடியும், இரண்டாம் முறையும் வாசிக்கலாம். முன்னும் பின்னும் ‘திருச்சிற்றம்பலம்’. எல்லாம் சேர்த்து 75 விநாடி வைத்தேன்.

விளக்கு ஏற்றுவதை நான் சேர்க்கவில்லை, தெரிந்தேதான். ஐந்தாம் நிமிடம் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறவர் எரிகிற விளக்கை விட்டுவிட்டுப் போகக் கூடாது. வாயால் ஊதி அணைக்கவும் மனம் வராது, மலையேற்ற நேரமும் இருக்காது. வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவர்கள் ஏற்றட்டும்.

கணக்கு இப்படி வந்தது: கைகால் கழுவி நீறு பூச 45 விநாடி, ஐந்தெழுத்து 108, பாட்டு 75, பேசாமல் உட்கார 40, விழுந்து வணங்கி எழ 30. மொத்தம் 298. இரண்டு விநாடி மிச்சம்.

இனி 90 விநாடிப் படம். தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, கேட்கிறவருக்கும் வாங்கும். செய்கைக்காக மௌனம் விட வேண்டிய இடங்களைக் கழித்தால் 110 சொல்தான் கையிருப்பு. ‘வணக்கம் நண்பர்களே, இன்றைய காணொளியில்’ என்று தொடங்கினால் நான்கு சொல் போய்விடும், அதற்குள் பார்ப்பவரும் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதனால் தொடக்கம் இப்படி:

0–4 விநாடி. படம்: வாசலில் ஒரு ஜோடி ஷூ, சாக்ஸ் அதற்குள். குரல்: “இதைப் போடறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இருக்கா?”

4–22 விநாடி. படம்: முகம் மட்டும், கிழக்கே பார்த்து. குரல்: “கிழக்கு, இல்லாட்டி வடக்கு பார்த்து நில்லுங்க. வலது கை நடுவிரல் மூணு. தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, சிவ சிவன்னு சொல்லி…” இங்கே நான்கு விநாடி மௌனம், மூன்று கோடும் விழுகிற வரை.

இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையில் எழுதிவைத்ததுதான்: திசை, மூன்று விரல், அண்ணாந்து பூசுவது, நிலத்தில் சிந்தாமல் பார்த்துக்கொள்வது. ஈழத்துச் சைவப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த புத்தகம். கேள்வி ஒரு வரி, பதில் இரண்டு வரி. குறும்பட வசனத்துக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார். நீரில் குழைத்துப் பூசுவதில் தீட்சை பெற்றவர், பெறாதவர் என்று முறை பிரிகிறது. அதனால் படத்தில் உலர் நீறு மட்டும்.

பாட்டுக்குப் படத்தில் இருபது விநாடிதான் கொடுக்க முடிந்தது. அந்த ஐந்து பாட்டையும் தனித்தனிக் குறும்படமாக்கி, அன்றன்றைக்கு ஒன்று என்று போட்டோம். திரையில் பாட்டைப் பதம் பிரித்துத்தான் எழுத வேண்டும். புணர்ச்சியோடு அச்சிட்டபடியே போட்டால் பழக்கமில்லாதவர் இரண்டாம் சீரிலேயே தடுக்கி விழுந்து, மறுநாள் பாட்டையே விட்டுவிடுவார். ஒலிக்கு, புகழ்பெற்ற ஓதுவார் ஒருவரின் இசைத்தட்டை எடுத்துக்கொள்ளலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். பாட்டு அருளாளர்களுடையது, யாரும் பாடலாம். ஆனால் அந்தப் பதிவு பதிவு செய்தவர்களுடையது. உரிமை கோரப்பட்டால் யூடியூப் படத்தையே முடக்கலாம். அதனால் எங்கள் ஓதுவாரையே பாடவைத்தோம். அவருக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சிதான்.

நெட்டைத் திரையில் இன்னொரு சங்கடம். அகலம் 1080 புள்ளி, உயரம் 1920. அடிப்பக்கத்தைத் தலைப்பும் சேனல் பெயரும் மறைக்கும், வலப்பக்கத்தை லைக், ஷேர் பொத்தான்கள் மறைக்கும். பஸ்ஸில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு எழுத்து அவசியம். நடுவில் போட்டால் நெற்றியை மறைக்கும், நமக்கு வேண்டியதே நெற்றி. முகத்தை மேல் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தி, எழுத்தை மார்பு உயரத்தில் வைத்தோம். ஸ்கிரிப்டிலேயே இதை எழுதிவைக்காவிட்டால் படம் பிடித்தபிறகு ஒன்றும் செய்ய முடியாது.

எழுதாமல் விட்ட ஒன்றில்தான் மாட்டினோம். நடித்த பையன் செல்ஃபி கேமராவில், தன்னையே பார்த்துக்கொண்டு நீறு பூசினான். வலது கையால்தான் பூசினான். அவன் போன், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிப் பதிவு செய்கிற அமைப்பில் இருந்தது. எடிட்டிங்கில் யாருக்கும் தெரியவில்லை. வெளியிடுவதற்கு முதல்நாள் ஓதுவாரிடம் போனை நீட்டினேன். ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஏன் தம்பி, பையன் இடது கைப்பழக்கமா?”

படத்தை இடவலம் திருப்பிவிடலாம் என்றால் பின்னால் சுவரில் காலண்டர். அது மட்டும் நேராகப் படித்தது. யாரோ எழுத்துத் தலைகீழாகத் தெரிகிறதே என்று அதை மட்டும் தனியாகத் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். ஓதுவார் வீட்டுத் திண்ணையிலேயே, பின்பக்கக் கேமராவில், அந்தப் பதினெட்டு விநாடியை மட்டும் திரும்ப எடுத்தோம். பையனுக்கு இப்போது தன் முகம் தெரியவில்லை. லென்ஸைத் தேடிக் குனிந்துகொண்டே பூசினான். வெள்ளைச் சட்டையில் தெரியவில்லை, பாக்கெட்டில் செருகியிருந்த நீலப் பட்டை அடையாள அட்டை மேல் நீறு பொலபொலவென்று விழுந்தது.

“அண்ணாந்து பூசணும்னு நாவலர் சும்மாவா எழுதினார்?” என்றார் ஓதுவார். “இன்னொரு தடவை எடுங்க.”