பத்தாம் அடுக்குக்கு ஒரு குறுக்குவழி

இரண்டு நிரை, இரண்டு நிரல் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம்.

```
A = | 4  1 |
    | 2  3 |
```

இதன் பத்தாம் அடுக்கு என்ன? நேர்வழியில் போனால் ஒன்பது முறை அணிப் பெருக்கல் செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் எட்டு எண் பெருக்கல்கள். நடுவில் ஓர் எண் பிசகினாலும் அதன்பின் வருவது எல்லாம் தப்பு.

இந்தச் சுமையைக் குறைப்பதுதான் கெய்லி-ஹாமில்டன் தேற்றம். ஒவ்வொரு சதுர அணிக்கும் ஒரு சிறப்பியல்புச் சமன்பாடு உண்டு. 2×2 அணிக்கு அதை எழுத இரண்டே எண்கள் போதும். முதன்மை மூலைவிட்டக் கூட்டல் 4+3=7; அணிக்கோவை 4×3−1×2=10. ஆகவே சமன்பாடு λ²−7λ+10=0. λ இருக்கும் இடத்தில் அணியையே வைத்தாலும் இது பொருந்தும் என்கிறது தேற்றம்:

```
A² = 7A − 10I
```

I என்பது அலகு அணி. அதை விட்டுவிட்டு வெறும் 10-ஐக் கழிப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அணியிலிருந்து எண்ணைக் கழிக்க முடியாது. 10I-ஐக் கழிக்கும்போது மூலைவிட்ட உறுப்புகள் மட்டுமே குறையும்.

ஆர்தர் கெய்லி 1858-ல் இதை வெளியிட்டபோது 2×2 அணிக்குச் செய்து காட்டினார். 3×3-க்கும் சரிபார்த்ததாகச் சொல்லி, பொது நிரூபணத்தைத் தராமலே விட்டுவிட்டார். அதை 1878-ல் தந்தவர் ஃப்ரோபெனியஸ்.

நேர்மாறு காண, சமன்பாட்டை A⁻¹ ஆல் பெருக்கினால் A = 7I − 10A⁻¹. அதாவது A⁻¹ = (7I−A)/10.

```
A⁻¹ = (1/10) |  3  −1 |
             | −2   4 |
```

இதை A-யோடு பெருக்கிப் பாருங்கள், அலகு அணி வரும். அணிக்கோவை பூச்சியமானால் வகுக்க எண் இருக்காது; அந்த அணிக்கு நேர்மாறும் கிடையாது.

இனி அடுக்குகள். A³ = 7A²−10A. இதில் A²-க்குப் பதிலாக 7A−10I-ஐ இட்டால் A³ = 39A−70I. இப்படி எந்த அடுக்கும் pA+qI என்ற வடிவத்துக்குள் அடங்கிவிடும். p, q இரண்டையும் கண்டால் வேலை முடிந்தது. சமன்பாட்டின் மூலங்கள் 5, 2. எனவே பத்தாம் அடுக்குக்கு:

```
5p + q = 5¹⁰ = 9765625
2p + q = 2¹⁰ = 1024
```

கழித்தால் p = 3254867, q = −6508710. இவற்றை இட்டால்:

```
A¹⁰ = | 6510758  3254867 |
      | 6509734  3255891 |
```

விடை சரியா என்று அறிய இங்கே எளிய வழி ஒன்று உண்டு. A-யின் ஒவ்வொரு நிரையின் கூட்டலும் 5. ஆகவே A¹⁰-இல் அது 5¹⁰ ஆக வேண்டும். கூட்டினால் இரண்டு நிரையிலும் 9765625 வருகிறது.

மூலங்கள் இரண்டும் ஒன்றே என்றால் இரண்டு சமன்பாடுகளும் ஒன்றாகிவிடும். அப்போது A³-க்குச் செய்ததுபோல் படிப்படியாக ஏற வேண்டும். அணி பெரிதானால் சிறப்பியல்புச் சமன்பாட்டை எழுதுவதே பெரும்பாடு. 2×2, 3×3 அணிகளைக் கையால் போடும்போதுதான் இந்த முறையின் முழுப் பயனும் கிடைக்கும்.