மூன்றடி சிமெண்ட், நான்காவது அடியில் ஈரம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் சுவர் ஓதம் அடித்தால், தரையிலிருந்து மூன்றடிக்குப் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசுவார்கள். அதன் மேல் பட்டி பார்த்து எமல்ஷனும் அடித்துவிட்டால் கொஞ்ச காலம் சுவர் பளிச்சென்று இருக்கும். பிறகு சிமெண்ட் முடிகிற கோட்டுக்குச் சற்று மேலே பெயிண்ட் கொப்பளிக்கும், உப்புப் பூக்கும். மறுபடி கொத்தனார் வருவார், சிமெண்ட் ஐந்தடிக்கு ஏறும்.

அந்த வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் வைத்துக் கட்டியவை. ஈரத்தைத் தடுக்க அஸ்திவாரத்துக்கு மேல் இன்று போடுகிற தடுப்பு அவற்றில் கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல மண்ணிலுள்ள தண்ணீர் சுவரில் ஏறத்தான் செய்யும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் நிறைய இருப்பதால், ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஏறுவதும் போவதும் சமமாகிற உயரத்தில் ஈரம் நின்றுவிடும்.

சிமெண்ட் பூச்சு அந்த வழியைப் பெருமளவு அடைக்கிறது, எமல்ஷன் மிச்சத்தையும் அடைக்கிறது. தண்ணீர் ஏறுவது மட்டும் நிற்பதில்லை. வெளியேற இடம் கிடைக்கும் வரை சுவருக்குள்ளேயே மேலே போகிறது. கூடவே மண்ணின் உப்பும் கரைந்து போகிறது. தண்ணீர் ஆவியாகிற இடத்தில் அந்த உப்பு படிகமாகி விரியும்போது செங்கல்லின் முகமே பொடியாகிறது. சிமெண்ட் கெட்டி, வளையாது. மென்மையான பழைய செங்கல் வெயிலிலும் குளிரிலும் அசைகிறபோது அதோடு ஒத்துப்போகாமல் மயிரிழை வெடிப்பு விடும். மழைத் தண்ணீர் அந்த வெடிப்பில் சுலபமாக நுழையும், திரும்பி வரத்தான் வழி இருக்காது.

பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கேட்டால் அது சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது, எடுப்பதும் எளிது. கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் முதலில் ஓரடிச் சதுரம் மட்டும் உளியால் மெதுவாகக் கொத்திப் பார்க்க வேண்டும். செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வந்தால் அங்கே நிறுத்திக்கொள்வதே நல்லது. மிஷின் வைத்து உடைக்க வேண்டவே வேண்டாம்.

அதற்கும் முன்னால் தெருவைப் பார்க்க வேண்டும். ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டுத் திண்ணை பள்ளமாகிவிட்ட வீட்டில், மழைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வடிகால் செய்யாவிட்டால் சுண்ணாம்பு பூசியும் பயனில்லை. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கும் இதே கதைதான்.

தை மாதம் சிமெண்டை எடுத்தால் கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே விடலாம். கற்களுக்கு இடையிலுள்ள உதிர்ந்த சாந்தை விரலளவு ஆழத்துக்குச் சுரண்டி, புதிய சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். பூச்சுக்கு ஆடி, ஆவணி தோது. ஐப்பசி மழைக்குள் ஓரளவு இறுகிவிடும்.

கலவை, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்று மணல். கடல் மணல் கூடாது, உப்பை நாமே கொண்டுவந்து வைத்ததாகிவிடும். சுண்ணாம்புதான் வேலையின் உயிர். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்புக் கல்லைப் போட வேண்டுமே தவிர, கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். நீற்றியதைத் தண்ணீருக்கடியில் சில வாரமாவது ஊறவிட வேண்டும். கடையில் மூட்டையாக வாங்கினால் ஒரு சிட்டிகையை வினிகரில் போட்டுப் பார்க்கலாம். பொங்கி நுரைத்தால் அது காற்றுப்பட்டு ஏற்கெனவே சுண்ணாம்புக் கல்லாகத் திரும்பிவிட்டது, இனி பிடிக்காது.

பிடிப்பு என்பதே அதுதான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது, அதுவும் மிக மெதுவாக, மேலிருந்து உள்ளே. ஆகவே ஒரே தடவையில் தடிமனாக அப்பக் கூடாது. ஒரு பூச்சு அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும், அது இறுகிய பிறகே அடுத்தது. முழுக்க உலர்ந்துபோனாலும் இறுகாது. ஆடிக்காற்றில் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். “கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தால் சீக்கிரம் பிடிக்கும் சார்” என்று கொத்தனார் சொல்வார். அவருக்கு அடுத்த வேலைக்குப் போகிற அவசரம். அதற்காக இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மேலே சுண்ணாம்பு வெள்ளையேதான் அடிக்க வேண்டும், மெல்லியதாக, நாலைந்து தடவை. நிறம் வேண்டுமென்றால் காவியோ மஞ்சள் காவியோ கலக்கலாம். பிளாஸ்டிக் பெயிண்ட் ஒரு கை அடித்தாலும் செய்ததெல்லாம் வீண்.

பல வருஷம் உப்பு ஏறிய சுவரில் முதல் சுண்ணாம்புப் பூச்சே உதிரக்கூடும். சுவரிலிருந்த உப்பைத் தனக்குள் வாங்கிக்கொண்டு அது கெடுகிறது, செங்கல் தப்பிக்கிறது. உதிர்ந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும்.