சிலிக்கோசிஸ்: கல்தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்

சிலிக்கோசிஸ் என்பது படிகச் சிலிக்கா கலந்த நுண்தூசியைப் பல ஆண்டுகள் சுவாசிப்பதால் நுரையீரலில் தழும்பு உண்டாகும் தொழில்சார் நோயாகும். கருங்கல், மணற்கல், மணல், கான்கிரீட், ஓடு ஆகிய அனைத்திலும் சிலிக்கா உண்டு. ஆகவே கல்குவாரி, சுரங்கம், கிரஷர் ஆகியவற்றில் வேலை செய்வோரைப் போலவே, தேனாம்பேட்டையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையல் மேடைக்கு கிரானைட் அறுப்பவருக்கும் இந்நோய் வரக்கூடும்.

தூசியின் அளவு

கல் அறுக்கும்போது கண்ணில் தெரியும் வெண்புகையைத்தான் பலரும் ஆபத்து என்று எண்ணுகின்றனர். அதிலுள்ள பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். நுரையீரலின் கடைசி நுண்ணறைகள் வரை செல்பவை பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் குறைவானவை. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அவை எவ்வளவு சிறியவை என்பது விளங்கும். 1 மைக்ரான் அளவுள்ள குவார்ட்சுத் துகள் அசையாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொழிலாளி அதே அறையில் சாப்பிட உட்காரும்போதும் அவர் தூசியைத்தான் சுவாசிக்கிறார். முகத்தில் கட்டிய துண்டின் இழைகளுக்கு இடையிலுள்ள துளைகள் இத்துகள்களைவிடப் பல மடங்கு பெரியவை.

தழும்பு உண்டாகும் விதம்

நுண்ணறைகளில் பெருவிழுங்கிகள் எனப்படும் காவல் செல்கள் உள்ளன. கிருமி வந்தால் அவை அதை விழுங்கிச் செரித்துவிடும். குவார்ட்சுத் துகளையும் அவ்வாறே விழுங்குகின்றன. ஆனால் கல் செரிப்பதில்லை. செரிமானத்துக்கான நொதிகளை வைத்திருக்கும் பையைத் துகள் சிதைக்கிறது. செல் அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிட்டு இறக்கிறது. உள்ளிருந்த துகள் அப்படியே வெளியே வருகிறது, அதை அடுத்த செல் விழுங்குகிறது. இச்சுழற்சி நிற்காததால், காயத்தை ஆற்ற வரும் நார்ச்செல்கள் கொலாஜனைச் சுருள் சுருளாகப் படியவைக்கின்றன. இவ்வாறு உருவாகும் கெட்டியான முடிச்சுகள் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் தோன்றிப் பின்னர் ஒன்றோடொன்று இணைகின்றன. வேலையை விட்ட பின்னும் துகள் உள்ளேயே இருப்பதால் நோய் வளரக்கூடும். தழும்பை நீக்கும் மருந்து எதுவும் இல்லை.

நிலக்கரித் தூசியும் கல்நார் இழையும் நுரையீரலில் தழும்பை உண்டாக்குகின்றன. கல்நார் இழை கூடுதலாகப் புற்றுநோயையும் தருகிறது. சிலிக்காவும் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் உள்ளது.

கோலார் தங்கவயல்

கோலார் தங்கவயலில் தங்கம் குவார்ட்சுப் பாறையின் நாளங்களில் இருந்தது. எனவே தங்கத்தைத் தேடித் துளையிட்டவர் சிலிக்காவையே துளையிட்டார். அங்கு சென்று உழைத்தவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காட்டுப் பகுதிகளைச் சேர்ந்த தமிழர்கள். 1940களில் அங்கு நடந்த மருத்துவ ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களில் பத்துக்கு நால்வருக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் காணப்பட்டது. உலர்ந்த பாறையில் இயந்திரத் துளையிடும்போது எழும் தூசியைக் குறைக்க உலகச் சுரங்கங்கள் கண்ட வழி, துளையிடும் முனைக்கே தண்ணீரைச் செலுத்துவது. பிறந்த இடத்திலேயே நனைந்த தூசி காற்றில் ஏறாது. எழுந்த பிறகு தரையில் தண்ணீர் தெளிப்பதால் கிடைக்கும் பயன் சிறிதே.

காசநோய் என்ற குழப்பம்

இருமல், மூச்சிரைப்பு, எடை குறைதல், எக்ஸ்ரேயில் மேற்பகுதியில் புள்ளிகள் ஆகியவை காசநோய்க்கும் பொருந்தும். பெருவிழுங்கிகள் பலவீனப்படுவதால் சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றுவதும் உண்மை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். சளியில் கிருமி இல்லாமல், மருந்து சாப்பிட்டும் எக்ஸ்ரே மாறாமல் இருந்தால், இரு நுரையீரலிலும் சிறு வட்டப் புள்ளிகள் பரவியிருந்தால், மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி "என்ன வேலை, எத்தனை ஆண்டுகள்?" என்பதே. அதைக் கேட்காததால் பலர் காசநோயாளி என்ற பெயரோடு இறந்துபோகின்றனர். இழப்பீட்டுச் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் இந்நோயைத் தொழில்நோயாக ஏற்றிருந்தன. ஆனால் கட்டடம் கட்டடமாக மாறும் கூலியாளரிடம் எங்கே வேலை செய்தார் என்பதற்குத் தாளில் எழுதிய சான்று இருப்பதில்லை.

அனுமதிக்கப்பட்ட அளவு

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை ஒரு சூத்திரத்தைத் தந்தது. நுரையீரலுக்குள் செல்லும் தூசியில் குவார்ட்சின் சதவீதத்தோடு 2ஐக் கூட்டி, 10ஐ அதனால் வகுக்க வேண்டும். குவார்ட்சு 30 சதவீதம் என்றால் 10 ÷ 32, அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 0.31 மில்லிகிராம் தூசி வரை. அதிலுள்ள குவார்ட்சு மட்டும் ஏறக்குறைய 0.09 மில்லிகிராம். அமெரிக்கா 2016இல் வகுத்த வரம்பு 0.05 மில்லிகிராம், நம் சூத்திரம் அனுமதித்தது அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இன்னொன்றும் உண்டு: சமையல் மேடைக்கு இப்போது விற்கப்படும் செயற்கை குவார்ட்சுப் பலகையில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கக்கூடும். அறுப்பவர்கள் இளம் வயதிலேயே நோயுற்றதால் ஆஸ்திரேலியா 2024 சூலை 1 முதல் அதைத் தடை செய்தது. நம்மூரில் அதைச் சாதாரணக் கட்டிங் மெஷினால், தண்ணீர் இன்றி, மூடிய அறையில் அறுப்பதைக் காணலாம்.